வாரம் ஒரு மணி நேரம்: கேள்விக்கு ஒரு மேசை



நமது குழுக்களில் தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நாற்று போடுகிறவர், தையல் தெரிந்தவர், ஆடு வளர்த்துக் கைதேர்ந்தவர், வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிப்பவர் என்று ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேலை வருகிறதா என்று கேட்டால், "நம்ம தெருவுக்குத் தெரியும், அடுத்த தெருவுக்கே தெரியாதுங்க" என்கிறார்கள். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துப் போட்டுவிடுகிறார்கள். "நான் நல்லா செய்வேன்" என்று நாமே சொன்னால் யார் நம்புவார்கள்?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நமக்குத் தெரிந்த தொழிலில் யார் என்ன கேள்வி கேட்டாலும் காசு வாங்காமல் பதில் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். அதை எப்படி நடத்தினால் பலன் தரும், எங்கே கெட்டுப்போகும் என்பதைத்தான் இந்த இதழில் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

பயிருக்கு ஒரு புறநோயாளி பிரிவு

இந்த முறை புதிதல்ல. தென் அமெரிக்காவில் பொலிவியா என்று ஒரு நாடு. அங்கே கொமராபா என்ற ஊரில் 2003-ஆம் ஆண்டு பயிர் மருத்துவ முகாம் ஒன்றைத் தொடங்கினார்கள். சந்தை கூடும் நாளில் ஒரு மேசை போட்டு, பயிர் நோய் தெரிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சந்தைக்கு வரும் விவசாயி காய்ந்த இலை, பூச்சி அரித்த காய், அழுகிய கிழங்கு என்று எதையாவது கையில் கொண்டுவந்து காட்டுவார். பார்த்துப் பதில் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. பிறகு இது பல நாடுகளுக்குப் பரவியது. நம் தமிழ்நாட்டிலும் சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் இப்படிப்பட்ட பயிர் மருத்துவ முகாம்களை நடத்தியிருக்கிறது.

அந்த முகாம்களில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, விவசாயி எங்கே வருவாரோ அங்கே மேசை போகிறது. ஆபீசுக்கு வா என்று கூப்பிடுவதில்லை. இரண்டாவது, பயிரை, அல்லது அதில் ஒரு பகுதியைக் கையில் கொண்டுவரச் சொல்கிறார்கள். வாயால் மட்டும் சொன்னால் "இலை மஞ்சளாகுது" என்பதற்குப் பத்து காரணம் இருக்கும். மூன்றாவது, சொல்லும் யோசனையைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள், ஒரு பிரதியைத் தாங்களும் வைத்துக்கொள்கிறார்கள். நான்காவது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

இந்த நான்கையும் நமது ஊர் அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் போதும்.

கீழக்குயில்குடியில் ஒரு மேசை போட்டால்

எடுத்துக்காட்டுக்கு, கீழக்குயில்குடியில் மல்லிகை நாற்று உற்பத்தி செய்யும் ஓர் உறுப்பினர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நாற்றுக்கார அக்கா என்றே அழைப்போம். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பூவுக்குப் பேர் இருந்தாலும், நாற்று என்றவுடன் எல்லோருக்கும் ராமேஸ்வரம் பக்கம் உள்ள தங்கச்சிமடம்தான் நினைவுக்கு வருகிறது. "இங்கேயே ஒருத்தி நாற்று போடுறா" என்பது பக்கத்து ஊருக்குத் தெரியாது.

அக்கா முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரம். மல்லிகை போட்டவர்கள் விடியற்காலையில் மொட்டு பறிப்பார்கள். பிறகு பூவைச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் மேசை போட்டால் ஒரு காக்காகூட வராது. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். ஆகவே சாயங்காலம் நாலரை முதல் ஐந்தரை வரை சரியாக இருக்கும். ஆறு மணிக்கு மேல் போனால் வெளிச்சம் குறைந்து இலையின் நரம்பு தெரியாது. சமையல் வேலையும் கூப்பிடும்.

அடுத்தது இடம். நமது வீட்டுத் திண்ணை வேண்டாம். திண்ணைக்கு வருகிறவர்கள் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும்தான். முன்பின் தெரியாத ஆண்களோ, வேறு தெருக்காரர்களோ தயங்குவார்கள். பஸ் நிற்கும் இடம், ரேஷன் கடை பக்கத்து மரத்தடி, கூட்டுறவுச் சங்கத்து வாசல் மாதிரி யார் வேண்டுமானாலும் நிற்கக்கூடிய பொது இடமாகப் பாருங்கள். ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிற்பாடு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, எப்போது தொடங்குவது. மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வார்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான உயரம் விட்டு வெட்டுவது வழக்கம். அதற்கு இரண்டு வாரம் முன்னால், கார்த்திகை பிறக்கிற சமயத்தில் மேசை போட்டால் "எவ்வளவு வெட்டணும், வெட்டினப்புறம் என்ன உரம் போடணும்" என்ற கேள்வி எல்லோர் மனதிலும் இருக்கும். எந்தத் தொழிலாக இருந்தாலும், கேள்வி அதிகமாக எழும் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்குவது நல்லது. தையல் தெரிந்தவர் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பும், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பும் தொடங்கலாம்.

மேசையில் என்ன வேண்டும்? ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் "மல்லிகை பற்றிக் கேளுங்கள். புதன்கிழமை 4.30 முதல் 5.30. கட்டணம் இல்லை" என்று எழுதினால் போதும். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு, கார்பன் தாள், பேனா. இவ்வளவுதான் முதலீடு. நாற்றைக் கொண்டுவந்து அடுக்கி வைக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

ஒரு மணி நேரத்தில் நடப்பது

ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து அல்லது ஆறு பேரைப் பார்க்கலாம். அதற்கு மேல் வந்தால் அடுத்த புதன் முதல் ஆளாகப் பார்ப்பதாகப் பெயர் எழுதி வையுங்கள். ஒரு புதன்கிழமை மூன்று பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் வருகிறவர், "அக்கா, இலையெல்லாம் மஞ்சளாகுது, யூரியா போட்டும் சரியாகல" என்கிறார். அக்கா உடனே பதில் சொல்வதில்லை. "புது இலையா, பழைய இலையா? எது முதல்ல மஞ்சளாச்சு?" என்று கேட்கிறார். கொண்டுவந்த கொப்பைக் கண்ணாடியில் பார்க்கிறார். நுனியில் உள்ள குருத்து இலைகள் மஞ்சளாகவும், நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறது. இது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். தழைச்சத்துக் குறைவு என்றால் அடியில் உள்ள பழைய இலைதான் முதலில் வெளுக்கும். அதனால்தான் யூரியா உதவவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளிக்கச் சொல்கிறார். பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம். பச்சை திரும்பும்வரை மாதம் ஒரு தடவை. "வெயில்ல அடிக்காதீங்க, சாயங்காலம் அடிங்க" என்றும் சேர்த்துச் சொல்கிறார். இதையெல்லாம் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். அக்கா தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் "புது இலையா, பழைய இலையா" என்று கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே, இவருக்கு விஷயம் தெரியும் என்று எதிரில் நிற்பவருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நின்று கேட்டவர்களுக்கும் புரிந்துவிட்டது. நோட்டீஸ் செய்ய முடியாத வேலை இது.

இரண்டாமவர் ஒரு கை மொட்டு கொண்டுவருகிறார். மொட்டு ஊதா நிறம் மாறி, சிறு ஓட்டை விழுந்திருக்கிறது. அக்கா ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறார். உள்ளே புழு. மொட்டுப்புழுதான். தாக்கிய மொட்டுகளைப் பறித்து அழிக்கச் சொல்லிவிட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிக்கும் முறையைச் சொல்கிறார். பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு. இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, பத்து லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குத் தயாரித்து அன்றைக்கே அடிக்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

மூன்றாமவர், "தோட்டத்துல ஒரு மூலையில வரிசையா வாடுதுங்க" என்கிறார். மாதிரி எதுவும் கொண்டுவரவில்லை. வேர் அழுகலாக இருக்கலாம், நூற்புழுவாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியும் இருக்கலாம். வேரைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பார்த்தாலும் நூற்புழுவை உறுதி செய்ய ஆய்வு வேண்டும். அக்கா சொல்லும் பதில் இது: "இத நான் இங்க உக்காந்து சொல்லக் கூடாதுங்க. வாடுன செடி ஒண்ணை வேரோட, மண்ணோட எடுத்து பாலிதீன் பையில போட்டு யானைமலை வேளாண் கல்லூரிக்குக் கொண்டு போங்க." கல்லூரிக்குப் போக முடியாதவருக்கு உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணை எழுதிக் கொடுக்கிறார். அதற்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

"தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போகாது. மூன்றாவது ஆளுக்கு ஏதோ ஒரு மருந்தைச் சொல்லி, அவர் இரண்டாயிரம் ரூபாய் செலவழித்து, செடியும் செத்துப்போனால்தான் மரியாதை போகும். அந்தச் செய்தி ஒரே நாளில் ஊர் முழுக்கப் போய்விடும். எங்கே போகணும், எதைக் கொண்டுபோகணும் என்று சரியாகச் சொல்வதும் தொழில் தெரிந்தவர் செய்கிற வேலைதான். ஆகவே மேசை போடுவதற்கு முன்பே, நமக்குத் தெரியாத கேள்விகளை யாரிடம் அனுப்புவது என்று ஒரு பட்டியல் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மேசையில் விற்கக் கூடாது

நாற்றை ஏன் அடுக்கி வைக்க வேண்டாம் என்றோம்? மேசையில் சரக்கு இருந்தால் ஒவ்வொரு பதிலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். "பழைய செடியைப் பிடுங்கிட்டுப் புதுசு வைங்க" என்று அக்கா நியாயமாகச் சொன்னால்கூட, "நாற்று விக்கத்தான் சொல்லுது" என்பார்கள். மேசையில் கேள்விக்கு மட்டும் பதில். யாராவது "நாற்று கிடைக்குமா?" என்று தாங்களாகவே கேட்டால், "இருக்கு, நாளைக்கு வீட்டுக்கு வந்து பாத்துட்டு வாங்குங்க" என்று சொன்னால் போதும். அட்டையின் கீழே பெயரும் தொழிலும் எழுதியிருக்கட்டும். அது போதுமான விளம்பரம்.

அப்படியானால் லாபம் எங்கே? நாற்றுக்கார அக்காவின் கணக்கையே பார்ப்போம். மல்லிகைக்கு ஒன்றேகால் மீட்டர் இடைவெளி விட்டால் ஓர் ஏக்கருக்குச் சுமார் 2,500 நாற்று வேண்டும். கால் ஏக்கர் போடுகிறவருக்கே அறுநூறுக்கு மேல் தேவை. அன்னபேதி சொல்லி இலை பச்சையானவர், அடுத்த நடவுக் காலத்தில் கால் ஏக்கர் கூட்ட நினைத்தால் யாரிடம் கேட்பார்? நடவு ஜூன் முதல் நவம்பர் வரை. கார்த்திகையில் தொடங்கிய மேசைக்கு அடுத்த ஆனியில்தான் பலன் தெரியும். ஏழு மாதம் பொறுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் வியாபாரம் வரும் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

இலவசம் எதுவரை?

இதைத் தெளிவாக வைக்காவிட்டால் மேசை ஒரு மாதத்தில் மூடப்படும். பதில் இலவசம், வேலை இலவசமல்ல. மேசையில் பத்து நிமிடம் பேசுவது இலவசம். "தோட்டத்துக்கு வந்து பாருங்க" என்றால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. கரைசல் செய்யும் முறையைச் சொல்வது இலவசம். செய்து கொடுத்தால் காசு. தையல்காரர் "இந்த ஜாக்கெட் ஏன் தோள்ல இறங்குது" என்று பார்த்து, சாக்பீஸில் எங்கே பிடிக்க வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுக்கலாம். பிரித்துத் தைத்தால் கூலி வாங்க வேண்டும். கூலி எவ்வளவு என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். அந்த இடத்தில் தயங்கினால் "சரி, சும்மாவே வர்றேன்" என்று வாய் சொல்லிவிடும்.

அதேபோல் மற்ற நாட்களில் வழியில் நிறுத்திக் கேட்பவர்களுக்கு, "புதன்கிழமை மேசைக்கு வாங்க, இலையும் கொண்டு வாங்க" என்று சிரித்தபடி சொல்லிப் பழகுங்கள். நமது நேரமும் மிஞ்சும். கூட்டமும் ஒரே இடத்தில் சேரும்.

கெட்டுப்போகிறது என்று எப்படித் தெரியும்?

முதல் இரண்டு மூன்று வாரம் ஆளே வராமல் போகலாம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாரங்களில் கையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். பூ கட்டலாம், நோட்டு எழுதலாம். ஆனால் நேரம் முடியாமல் எழுந்து போகாதீர்கள். ஒருவர் ஐந்து மணிக்கு வந்து காலி மேசையைப் பார்த்தால் மறுபடி வரமாட்டார். கல்யாணம், திருவிழா என்று வரமுடியாத நாள் இருந்தால் முந்தின வாரமே அட்டையில் எழுதிவிடுங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கனவே தெரிந்தவர்களாகவே இருந்தால் இடம் சரியில்லை என்று அர்த்தம். ஒரே ஆள் வாராவாரம் வந்து கதை பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். "அடுத்தவங்க காத்திருக்காங்க" என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். நமது தொழிலுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, முக்கியமாக உடம்புக்கு என்ன மருந்து, யாரிடம் வட்டிக்கு வாங்கலாம் போன்றவை வந்தால் பதில் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் காட்டிக்கொடுப்பது நோட்டுதான். தேதி, பெயர், ஊர், கேள்வி, சொன்ன பதில் என்று ஐந்து பத்தி போடுங்கள். ஆறாவதாக "பிறகு என்ன ஆச்சு" என்று ஒரு பத்தியைக் காலியாக விடுங்கள். அவர்கள் அடுத்த தடவை கண்ணில் படும்போது கேட்டு அதில் எழுதுங்கள். நமது பதில் தவறாக இருந்தால் முதலில் தெரிவது அந்த ஆறாவது பத்தியில்தான். எழுதப் படிக்கத் தயக்கம் உள்ளவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையை உடன் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து நோட்டைப் பிரித்து இரண்டு விஷயம் எண்ணுங்கள். ஒன்று, எத்தனை ஊர்ப் பெயர் இருக்கிறது. கீழக்குயில்குடி மட்டும்தானா, நாகமலைப் புதுக்கோட்டை, வடிவேல்கரை என்று விரிந்திருக்கிறதா? ஊர் கூடினால் மேசை வேலை செய்கிறது. இரண்டு, எந்தக் கேள்வி அதிகமாக வந்திருக்கிறது. மஞ்சள் இலைதான் அதிகம் என்றால், அடுத்த மாதம் ஓர் அட்டையில் புது இலை மஞ்சள், பழைய இலை மஞ்சள் இரண்டையும் ஒட்டி மேசையில் வைத்துவிடலாம். பாதிப் பேர் பார்த்தே புரிந்துகொள்வார்கள். புதுக் கேள்விக்கு நேரம் கிடைக்கும்.

மூன்று மாதம் ஒழுங்காக உட்கார்ந்தும் புது ஊர்ப் பெயர் ஒன்றுகூட வரவில்லை என்றால் கிழமையையோ இடத்தையோ மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டாம். மாற்றினால் எதனால் ஆள் வந்தார்கள் என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் குழுவில் பேசித் தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள்.

1. நமது குழுவில் மற்றவர்கள் வந்து சந்தேகம் கேட்கும் அளவுக்கு எந்தத் தொழில் யாருக்குத் தெரியும்?

2. அந்தத் தொழிலில் கேள்வி அதிகம் வரும் மாதம் எது? கேட்பவர்கள் ஓய்வாக இருக்கும் நேரம் எது?

3. அவருக்குத் தெரியாத கேள்வி வந்தால் யாரிடம் அனுப்புவது?

மூன்றுக்கும் பதில் இருந்தால், மேசை எங்கே போடுவது என்பது மட்டும்தான் பாக்கி. இடம் பார்க்க ஊக்குநரையும் அழைத்துக்கொள்ளுங்கள். நாங்களும் வருகிறோம்.